ஏழு கல் தோடும் இரண்டு விலையும்

போன ஆவணியில் தண்டையார்பேட்டையிலிருந்து ஒரு அக்கா இரண்டு சீட்டுகளோடு வீட்டுக்கு வந்தார். மகளுக்குத் தையில் கல்யாணம். அவர்கள் வீட்டில் பெண்ணுக்கு ஏழு கல் வைரத்தோடு போடாமல் அனுப்ப மாட்டார்கள். சௌகார்பேட்டையில் இரண்டு கடை ஏறி இறங்கி, இரண்டிலும் எஸ்டிமேட் எழுதி வாங்கியிருந்தார். தோட்டின் அச்சு ஒன்று, கல்லின் அளவு ஒன்று, தங்கமும் ஒரே எடை. ஒரு சீட்டில் இரண்டு லட்சத்துப் பத்தாயிரம் சொச்சம், இன்னொன்றில் ஒரு லட்சத்து முப்பதாயிரம் சொச்சம்.

"இதுல எது டூப்ளிகேட், தம்பி?"

நான் பல வருஷம் சௌகார்பேட்டையில் ஒரு பட்டறையில் பொடிக்கல் பிரித்துக்கொண்டிருந்தவன். சல்லடையில் சலித்து, வெள்ளைத் தாளில் கொட்டி, நிறமும் தரமும் பார்த்து ஒதுக்குகிற வேலை. அதனால் வண்ணாரப்பேட்டை, தண்டையார்பேட்டைப் பக்கம் யாருக்குக் கல் சந்தேகம் வந்தாலும் சீட்டு என்னிடம் வந்துவிடும். அக்காவுக்குச் சொன்ன முதல் பதில், இரண்டுமே டூப்ளிகேட் இல்லை என்பதுதான். விலை அதிகமானதில் இருப்பது மண்ணிலிருந்து எடுத்த வைரம். விலை குறைந்ததில் இருப்பது மெஷினில் வளர்த்த வைரம். கடைப்பக்கம் இதை 'லேப்' என்றோ 'சிவிடி' என்றோ சொல்வார்கள்.

இங்கே முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிட வேண்டும். 'அமெரிக்கன் டைமண்ட்' என்று ரங்கநாதன் தெருவிலும் எம்.சி. ரோட்டிலும் சில நூறு ரூபாய்க்குக் கிடைப்பது வைரமே இல்லை. அது க்யூபிக் சிர்கோனியா என்கிற வேறு பொருள். லேப் வைரம் அப்படி அல்ல. பூமிக்குள் கிடைப்பதைப் போலவே அதுவும் முழுக்கக் கார்பன்தான், கடினமும் அதே, ஜொலிப்பும் அதே. மெல்லிய வைரத் துண்டு ஒன்றை விதையாகக் கலத்துக்குள் வைத்து, மீத்தேனும் ஹைட்ரஜனும் செலுத்தி, மைக்ரோவேவால் அந்த வாயுவைப் பிளாஸ்மாவாக்கினால், கார்பன் அணுக்கள் விதையின் மேல் படலம் படலமாக உட்காரும். சில வாரங்களில் வெட்டிப் பட்டை தீட்டுகிற அளவுக்குக் கல் வளர்ந்துவிடும். இது சிவிடி முறை. இன்னொன்று, பூமியின் ஆழத்தில் இருக்கிற அழுத்தத்தையும் வெப்பத்தையும் பிரமாண்டமான அச்சு இயந்திரத்துக்குள் உண்டாக்குவது. அதற்கு ஹெச்பிஹெச்டி என்று பெயர். அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனம் 1954-லேயே இப்படி வைரம் செய்துவிட்டது. ஆனால் அவை தொழிற்சாலைகளில் அறுக்கவும் தேய்க்கவும் பயன்பட்ட துணுக்குகள். நகைக்கு ஏற்ற தரத்தில், கடைக்கு வருகிற அளவுக்குப் பெருகியது இந்த நூற்றாண்டில்தான்.

இதிலிருந்து ஒரு நல்ல விஷயம் தெரிகிறது. பாட்டி காலத்து 'ப்ளூ ஜாகர்' தோடு உங்கள் வீட்டில் இருந்தால் அதன் கல் லேப் வைரமாக இருக்க வழியே இல்லை. அந்தக் காலத்தில் அப்படி ஒன்று விற்பனையிலேயே இல்லை. நடுவில் அதை மறுகட்டுக்குக் கொடுத்து வாங்கியிருந்தால் மட்டும் இந்த உத்தரவாதம் செல்லாது.

சரி, இரண்டு சீட்டுக்கும் நடுவில் இருக்கிற எண்பதாயிரம் ரூபாய் வித்தியாசத்துக்கு வருவோம். சீட்டில் இருந்த எண்களைக் கணக்குக்கு எளிதாக ரவுண்டு செய்துதான் சொல்கிறேன், இன்றைய ரேட் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். ஒரு தோட்டில் ஏழு கல், இரண்டுக்கும் சேர்த்துப் பதினான்கு. ஒவ்வொன்றும் 10 சென்ட். நூறு சென்ட் ஒரு கேரட், ஆக மொத்தம் 1.40 கேரட். 18 கேரட் தங்கம் 8 கிராம், கிராம் பத்தாயிரம் என்று வைத்தால் 80,000 ரூபாய். (தங்கத்தின் கேரட் தரத்தைச் சொல்வது, கல்லின் கேரட் எடையைச் சொல்வது. இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்தவரைத்தான் கேட்க வேண்டும்.) கூலி 12,000. இந்த இரண்டு வரியும் இரண்டு சீட்டிலும் ஒன்றுதான். கல் வரியில்தான் கதை மாறுகிறது. முதல் கடை கேரட்டுக்கு 80,000 போட்டிருந்தது, அதன்படி கல்லுக்கு 1,12,000. இரண்டாவது கடை கேரட்டுக்கு 25,000, கல்லுக்கு 35,000. மூன்று சதவீத ஜிஎஸ்டி சேர்த்தால் முதல் தோடு 2,10,120 ரூபாய், இரண்டாவது 1,30,810 ரூபாய்.

ஏன் இவ்வளவு வித்தியாசம்? பல கோடி வருஷம் பூமிக்குள் கிடந்ததால் இயற்கை வைரத்துக்கு விலை என்று கடையில் சொல்வார்கள். கூழாங்கல்லும் பல கோடி வருஷம் கிடந்ததுதான், அதற்கு யாரும் பணம் கொடுப்பதில்லை. விலையைத் தீர்மானிப்பது வரத்து. சுரங்கத்தில் நினைத்த நேரத்தில் உற்பத்தியைக் கூட்ட முடியாது. மெஷினைக் கூட்டலாம். சூரத்திலும் சீனாவிலும் இயந்திரங்கள் பெருகப் பெருக, லேப் வைரத்தின் விலை சரிந்துகொண்டே வந்தது. இயற்கை வைரத்தை விற்றே வளர்ந்த டி பீர்ஸ் நிறுவனம் 2018-ல் லைட்பாக்ஸ் என்ற பெயரில் லேப் வைரம் விற்க இறங்கியது. கேரட்டுக்கு 800 டாலர் என்று அது வைத்த விலை அன்றைக்கு மற்றவர்களை அதிர வைத்த மலிவு விலை. சில வருஷங்களில் சந்தை அதற்கும் கீழே இறங்கிவிட்டது. 2025-ல் டி பீர்ஸ் லைட்பாக்ஸையே மூடப்போவதாக அறிவித்தது. நம் அரசும் 2023 பட்ஜெட்டில் லேப் வைர விதைக்கான சுங்க வரியை நீக்கி, இதில் ஆராய்ச்சி செய்ய சென்னை ஐஐடிக்கு நிதி ஒதுக்கியது. இயந்திரமும் விதையும் இங்கேயே செய்ய ஆரம்பித்தால் விலை எந்தப் பக்கம் போகும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

அதற்காக இயற்கை வைரம் ஏறிக்கொண்டே இருக்கிறது என்று எண்ண வேண்டாம். 2022-க்குப் பிறகு அதுவும் நன்றாக இறங்கியிருக்கிறது. வைரத்தைத் தங்கம் மாதிரி சேமிப்பு என்று நினைப்பது நம் பக்கத்துப் பழக்கம். தங்கத்துக்குக் காலையில் ஒரு ரேட் வரும், ஊர் முழுக்க அதுதான் ரேட். வைரத்துக்கு அப்படி ஒரு ஊர் ரேட்டே கிடையாது. ஒரே கல்லுக்கு மூன்று கடையில் மூன்று விலை சொல்வார்கள். விற்கப் போனால் அந்த வித்தியாசம் இன்னும் விரியும்.

அதனால் அக்காவோடு உட்கார்ந்து, ஐந்து வருஷம் கழித்து இந்தத் தோட்டை விற்றால் என்ன கையில் வரும் என்று ஒரு நோட்டில் எழுதிப் பார்த்தோம். கணக்கு குழம்பாமல் இருக்கத் தங்கம் அதே விலையில் நிற்கிறது என்று வைத்துக்கொண்டோம். கூலியும் ஜிஎஸ்டியும் எந்தத் தோட்டிலும் திரும்பி வராது.

முதலில் இயற்கைக் கல் தோடு. வாங்கிய கடையிலேயே திருப்பிக் கொடுத்தால் கல்லுக்கு 80 சதவீதம் தருவதாகச் சொல்லியிருந்தார்கள். அப்படியானால் கல்லுக்கு 89,600, தங்கத்துக்கு 80,000, மொத்தம் 1,69,600. போட்ட பணத்தில் நாற்பதாயிரத்துச் சொச்சம் போகும். ஆனால் அந்தக் கடை அப்போது இருக்க வேண்டும், பில் கையில் இருக்க வேண்டும், 80 சதவீதம் என்பது எந்த விலையில் என்பதும் எழுத்தில் இருக்க வேண்டும். வேறு கடைக்குப் போனால் பாதி கூடக் கேட்பதில்லை. 40 சதவீதம் என்று வைத்தால் கல்லுக்கு 44,800. மொத்தம் 1,24,800, நஷ்டம் எண்பத்தைந்தாயிரம்.

அடுத்தது லேப் கல் தோடு. பெரும்பாலான கடைகள் பிறர் விற்ற லேப் கல்லை வாங்குவதே இல்லை. நாளைக்குப் புதுக்கல் இதைவிட மலிவாக வரும் என்றால் பழசை யார் வாங்கி வைப்பார்கள்? கல்லுக்குப் பூஜ்யம் என்றே போட்டோம். கையில் வருவது தங்கத்தின் 80,000 மட்டும். நஷ்டம் 50,810 ரூபாய்.

இந்த இடத்தில் அக்கா நோட்டைத் தன் பக்கம் திருப்பி மறுபடி கூட்டிப் பார்த்தார். சதவீதத்தில் பார்த்தால் லேப் கல்லின் மதிப்பு முழுசும் போய்விடுகிறது, இயற்கைக் கல்லில் கொஞ்சமாவது மிஞ்சுகிறது. ரூபாயில் பார்த்தால், வேறு கடையில் விற்கிற நிலை வந்தால் இயற்கைக் கல்லில்தான் அதிகம் போகிறது. 'லேப் வைரத்துக்கு ரீசேல் கிடையாது' என்று பயமுறுத்துகிற விற்பனையாளர் பொய் சொல்லவில்லை. போகிற பணம் முதலிலேயே கம்மி என்பதை மட்டும் அவர் சொல்வதில்லை. அதே மாதிரி, 'நாங்க லேப் கல்லுக்கும் 80 சதவீதம் பைபேக் தர்றோம்' என்கிற கடையிடம் ஒரே ஒரு கேள்வி கேட்க வேண்டும்: பில் விலையிலா, அன்றைய விலையிலா? கேரட் 25,000 என்று வாங்கியது ஐந்து வருஷத்தில் 12,000 ஆகிவிட்டால், அன்றைய விலையில் 80 சதவீதம் என்பது பதின்மூவாயிரத்துச் சொச்சம்தான். எக்ஸ்சேஞ்ச் என்பதும் பைபேக் என்பதும் வேறு. எக்ஸ்சேஞ்சில் பணம் கையில் வராது, அந்தக் கடையிலேயே இன்னொரு நகை வாங்க வேண்டும்.

நம் பக்கம் நகையை விற்பதைவிட அடகு வைப்பதுதான் அதிகம். ஸ்கூல் ஃபீஸ் கட்ட ஜூனில் உள்ளே போய், போனஸ் வந்ததும் வெளியே வருகிற தோடுகளை எனக்குத் தெரியும். அங்கே இரண்டு வைரமும் சமம். வங்கியானாலும் நகைக்கடன் கம்பெனியானாலும் தங்கத்துக்கு மட்டும்தான் கடன். கல்லின் மதிப்பைச் சேர்க்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கியின் 2025 விதியே சொல்கிறது. மதிப்பீட்டாளர் மொத்த எடையில் கல்லின் எடையைக் கழித்துவிட்டுத்தான் தொகை சொல்வார். நம் தோட்டில் 1.40 கேரட் என்பது 0.28 கிராம். தராசில் தோடு 8.28 கிராம் காட்டும், கடன் 8 கிராமுக்கு. வாங்கும்போதும் இதே கழித்தல் நடந்திருக்கிறதா என்று பில்லில் பாருங்கள். 8.28 கிராமுக்கும் தங்க ரேட் போட்டிருந்தால், வைரத்தையே ஒருமுறை தங்க விலைக்கும் ஒருமுறை வைர விலைக்கும் வாங்கியிருக்கிறீர்கள், 2,800 ரூபாய் அதிகமாக.

இதுவரை போட்ட கணக்கில் ஒரு நிலைமையை விட்டுவிட்டேன். அதுதான் இருப்பதிலேயே மோசமானது. லேப் கல்லை இயற்கை என்று சொல்லி, இயற்கை விலைக்கு விற்றுவிட்டால்? 2,10,120 கொடுத்து வாங்கியதில் விற்கும்போது தங்கத்தின் 80,000 மட்டும் தேறும். ஒரு லட்சத்து முப்பதாயிரம் காணாமல் போகும். மற்ற எந்த நஷ்டமும் இதன் பக்கத்தில் வராது. அதனால் இயற்கையா லேபா என்று தேர்ந்தெடுப்பதைவிட, எதை வாங்குகிறோம் என்று எழுத்தில் வாங்குவதுதான் பெரிய விஷயம் என்பது என் அபிப்பிராயம்.

இதில் கண்ணை நம்பவே முடியாது. பல வருஷம் கல் பிரித்த என்னாலும் லென்ஸ் வைத்துப் பார்த்து இது லேப், இது இயற்கை என்று சொல்ல முடியாது. கடையில் பேனா மாதிரி ஒரு டெஸ்டரைக் கல்லின் மேல் வைத்து 'பீப்' அடிக்க வைத்துக் காட்டுவார்கள். அது கல் எவ்வளவு வேகமாகச் சூட்டைக் கடத்துகிறது என்று பார்க்கிற கருவி. லேப் வைரமும் வைரம்தானே, அதுவும் பீப் அடிக்கும். அந்தப் பேனாவால் அமெரிக்கன் டைமண்டை ஒதுக்கலாம், லேபைப் பிரிக்க முடியாது.

பிரிப்பதற்கு வேறு மெஷின் இருக்கிறது. மண்ணிலிருந்து வருகிற வைரங்களில் மிகப் பெரும்பாலானவற்றில் நைட்ரஜன் அணுக்கள் கூட்டமாகச் சேர்ந்திருக்கும். அப்படிக் கூடுவதற்குக் கோடிக்கணக்கான வருஷம் ஆகும். சில வாரத்தில் வளர்ந்த சிவிடி கல்லில் அது இருக்காது. புற ஊதாக் கதிரை அடித்து, கல் எப்படி மினுங்குகிறது என்பதை வைத்து ஸ்கிரீனிங் மெஷின் இதைக் கண்டுபிடிக்கும். கட்டிய நகையிலும் கல்லின் முகத்தில் முனையை வைத்துப் பார்க்கிற கருவிகள் உண்டு. ஆனால் சில மெஷின்கள் 'லேப்' என்று தீர்ப்புச் சொல்லாது. இயற்கை என்று தெரிந்தால் பாஸ், சந்தேகமானால் மேல் பரிசோதனைக்கு அனுப்பு, அவ்வளவுதான். நைட்ரஜன் இல்லாத இயற்கைக் கல் நூற்றில் ஒன்றிரண்டு உண்டு, அதையும் மேலே அனுப்பத்தான் சொல்லும். ஒரு கல்லுக்கு அப்படி வந்தால் பதற வேண்டாம். பதினான்கில் ஒன்பதுக்கு வந்தால் பதறலாம்.

ஏழு கல் தோட்டில் சிக்கல் இன்னும் கொஞ்சம் அதிகம். ஒரு கேரட் ஒற்றைக்கல் மோதிரம் என்றால் கல்லுக்குத் தனி சர்டிபிகேட் இருக்கும். கல்லின் இடுப்பு ஓரத்தில் லேசரால் அந்த எண்ணைப் பொறித்திருப்பார்கள், பத்து மடங்கு லென்ஸில் படிக்கலாம். லேப் கல்லானால் எண்ணோடு லேப் என்பதையும் பொறிப்பது வழக்கம். (எண் பொருந்தினாலே போதும் என்றும் இருந்துவிட முடியாது. இயற்கைக் கல்லின் எண்ணை லேப் கல்லில் பொறித்து வந்த மோசடியை 2017-ல் ஜிஐஏ ஆய்வகம் பிடித்தது.) 10 சென்ட் கல்லுக்கு யாரும் தனித்தனியாக சர்டிபிகேட் எடுப்பதில்லை, செலவு கட்டாது. நகை முழுதுக்கும் ஒரே ரிப்போர்ட் வரும். போதாததற்கு நம் ஊர்த் தோடு மூடிய கட்டு. கல்லின் பின்புறத்தைத் தங்கம் மறைத்திருக்கும், இடுப்பும் உள்ளே போயிருக்கும். பொடிக்கல் பொட்டலத்தில் நாலு லேப் கல்லைக் கலந்துவிட்டால் கட்டிய பிறகு வெறும் கண்ணுக்குத் தெரிய வழியில்லை. இது எப்போதும் கடைக்காரர் செய்வதும் அல்ல. பொட்டலம் கைமாறி வருகிற வழியில் எங்கேயாவது கலந்திருக்கும், கடைக்காரருக்கே தெரிந்திருக்காது. அதனால்தான் ஒழுங்கான பட்டறைகள் இப்போது வருகிற ஒவ்வொரு பொட்டலத்தையும் ஸ்கிரீனிங் செய்கின்றன.

வாய்வார்த்தையிலும் கவனம் வேண்டும். 'ஒரிஜினல் டைமண்ட்தாங்க', 'ரியல் டைமண்ட் மேடம்' என்றால் அது பொய்யே இல்லை, லேப் வைரமும் ஒரிஜினல் வைரம்தான். கேட்க வேண்டிய சொல் 'நேச்சுரல்'. 2015-ல் வந்த ஐஎஸ்ஓ 18323 என்கிற சர்வதேச விதிப்படி, முன்னால் எந்த அடைமொழியும் இல்லாமல் 'டைமண்ட்' என்று எழுதினால் அது இயற்கை வைரத்தை மட்டுமே குறிக்கும். வளர்த்த கல்லானால் ஆய்வகத்தில் வளர்த்தது என்று முழுசாகச் சொல்ல வேண்டும். நம் இந்தியத் தர நிர்ணய அமைவனமும் அதை ஒட்டியே ஒரு தரநிலை கொண்டுவந்திருக்கிறது.

ஹால்மார்க் இருக்கிறதே என்று அக்கா கேட்டார். நிறைய பேர் இதில்தான் ஏமாறுகிறார்கள். ஹால்மார்க்கும் அந்த ஆறு எழுத்து எச்யுஐடியும் தங்கத்தின் தரத்துக்கு மட்டும்தான் சாட்சி. பிஐஎஸ் கேர் ஆப்பில் எண்ணைப் போட்டுப் பார்த்தால் தங்கம் எத்தனை கேரட் என்று வரும். கல்லைப் பற்றி அது பேசாது.

அக்கா கொண்டுவந்த இரண்டும் எஸ்டிமேட் சீட்டுகள். இரண்டாவது சீட்டில் 'சிவிடி' என்று தெளிவாகவே எழுதியிருந்தது, அந்தக் கடையைக் குறை சொல்ல எதுவும் இல்லை. முதல் சீட்டில், இரண்டு லட்சத்துப் பத்தாயிரம் கேட்ட சீட்டில், கல் வரியில் 'டைம். 14 பீஸ் 1.40' என்று மட்டும் இருந்தது. எஸ்டிமேட் சீட்டை வைத்துக்கொண்டு நாளைக்கு எங்கேயும் நிற்க முடியாது. ஜிஎஸ்டி பில்லில் நேச்சுரல் என்று எழுதி வாங்கியிருந்து, கல் வேறாக இருந்தால், தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்குப் போன் செய்து புகார் பதியலாம். அதிலும் தீராவிட்டால் சென்னை வடக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். பிரச்சினை எழுந்து இரண்டு வருஷத்துக்குள் போக வேண்டும். ஐந்து லட்சம் வரை விலையுள்ள பொருளுக்குப் புகார் கட்டணமும் கிடையாது.

மறுநாள் அக்காவோடு நானும் முதல் கடைக்குப் போனேன். பில்லில் 'நேச்சுரல் டைமண்ட்' என்றும், மொத்த எடை, நிகர எடை, கல்லின் எடை, கேரட் விலை என்று ஒவ்வொன்றும் தனித்தனி வரியாகவும் வேண்டும் என்றோம். பைபேக் 80 சதவீதம் எந்த விலையில் என்பதையும் எழுதச் சொன்னோம். வெளியே ஒரு ஆய்வகத்தில் நகைக்கு ரிப்போர்ட் எடுத்துத் தர வேண்டும், அதிலும் நேச்சுரல் என்று வந்தால்தான் பாக்கிப் பணம் என்றோம். கல்லாவில் இருந்தவர் கோபப்படவில்லை. "ரிப்போர்ட்டுக்கு நாலு நாள் ஆகும்மா, சார்ஜ் உங்களுது" என்றார். எழுதித் தருவதற்குத் தயங்கவும் இல்லை. எனக்கு அந்தக் கடை மேல் நம்பிக்கை வந்தது அப்போதுதான்.

ஆனால் அக்கா அங்கே வாங்கவில்லை. வெளியே வந்து டீ குடிக்கும்போது, "எப்படியும் நான் இத விக்கப் போறதில்ல, அவசரம்னா சேட்டு கடைக்குத்தான் போகும்" என்றார். இரண்டாவது கடையில் லேப் தோட்டையே எடுத்துக்கொண்டு, மிச்சமான எண்பதாயிரத்துக்கு மகள் பேரில் ஒரு வளையல் வாங்கினார். கல் வைக்காத வளையல். சம்பந்தி வீட்டில் கேட்டால் லேப் வைரம் என்றே சொல்லிவிடலாமா என்று கேட்டார். பில்லிலேயே எழுதியிருக்கிறதே அக்கா என்றேன்.